ஸ்லாப் போட எத்தனை மூட்டை? 1:1.5:3 கலவைக்கு சிமெண்ட், மணல், ஜல்லி கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுக்க ஒரே ஒரு தளத்தையே எடுத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன். 20 அடி நீளம், 15 அடி அகலம், 5 அங்குலக் கனம். கலவை 1:1.5:3, அதாவது ஒரு பங்கு சிமெண்ட், ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. உங்கள் தளத்தின் அளவு வேறாக இருந்தாலும் வழி இதுவேதான். எண்களை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

20க்கு 15 அடி, 5 அங்குலக் கனத்தில் தளம் போடுகிறோம். எத்தனை மூட்டை வாங்க வேண்டும்?

சிமெண்ட் 29 மூட்டை, மணல் 52.5 கன அடி, ஜல்லி 105 கன அடி. இது காய்ந்த மணலுக்கான கணக்கு. மணல் ஈரமாக இருந்தால் அதன் அளவு மாறும், கீழே வருகிறது.

கணக்கு நான்கே படிதான்:

```
போட்ட கான்கிரீட்   = 20 × 15 × (5 ÷ 12)  = 125 கன அடி
உலர்ந்த சரக்கு     = 125 × 1.54          = 192.5 கன அடி
ஒரு பங்கு          = 192.5 ÷ 5.5         = 35 கன அடி
சிமெண்ட் மூட்டை    = 35 ÷ 1.226          = 28.55
```

5.5 என்பது 1 + 1.5 + 3. ஒரு பங்கு 35 கன அடி என்று தெரிந்துவிட்டால் மணல் அதைப்போல ஒன்றரை மடங்கு, ஜல்லி மூன்று மடங்கு. 1.226 என்பது 50 கிலோ மூட்டை ஒன்றைத் தளர்வாகக் கொட்டினால் அடைக்கும் கன அடி. சிமெண்டின் தளர்வு எடை ஒரு கன மீட்டருக்கு 1440 கிலோ என்று வைத்துக்கொள்வது வழக்கம். 50ஐ 1440ஆல் வகுத்தால் 34.7 லிட்டர், அதுதான் 1.226 கன அடி.

சில மேஸ்திரிகள் மூட்டைக்கு 1.25 கன அடி என்று எடுப்பார்கள். அப்படிப் பார்த்தால் சரியாக 28 மூட்டை வரும். இந்த அளவு தளத்துக்கு அரை மூட்டை வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

போடுவது 125 கன அடிதான், சரக்கு மட்டும் 192 கன அடி எதற்கு? மீதி எங்கே போகிறது?

10 லிட்டர் வாளி நிறைய ஜல்லியைக் கொட்டி, அதன் மேல் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். வாளி விளிம்பைத் தொடுவதற்குள் நான்கு லிட்டருக்கு மேல் உள்ளே போய்விடும். கண்ணுக்கு நிறைந்து தெரிந்த வாளியில் பாதிக்குக் கொஞ்சம் குறைவான இடம் வெறும் காற்று. மணலிலும் அப்படித்தான், சுமார் 40 விழுக்காடு இடைவெளி. சிமெண்டில் பாதிக்கு மேலேயே இடைவெளி.

கலக்கும்போது ஜல்லிக்கு நடுவில் இருந்த காலி இடத்தில் மணல் போய் உட்காருகிறது. மணலுக்கு நடுவில் சிமெண்ட்டும் தண்ணீரும் சேர்ந்த குழம்பு நிறைகிறது. காற்று வெளியேறிவிடுகிறது. அதனால்தான் தனித்தனியாக அளந்தபோது பெரிதாகத் தெரிந்த குவியல், கலந்து இறுக்கிய பிறகு சுருங்கிவிடுகிறது.

ஒரு மூட்டையை வைத்து எண்ணிலேயே பார்த்துவிடலாம். தளர்வாக அளந்த 34.7 லிட்டர் சிமெண்டில் உண்மையான பொருள் சுமார் 16 லிட்டர். அதனுடன் போகும் 52 லிட்டர் மணலில் 31 லிட்டர், 104 லிட்டர் ஜல்லியில் 58 லிட்டர். ஆக, 191 லிட்டராகத் தெரிந்த குவியலில் கெட்டியாக இருப்பது 105 லிட்டர்தான். அதோடு 27, 28 லிட்டர் தண்ணீரும், கொஞ்சம் சிக்கிக்கொண்ட காற்றும் சேர்த்தால் 135 லிட்டரை ஒட்டி கான்கிரீட் கிடைக்கும்.

அப்படியானால் 191ஐ 135ஆல் வகுத்தால் 1.41தானே வருகிறது? 1.54 எங்கிருந்து வந்தது? சிலர் 1.52, சிலர் 1.57 என்றும் சொல்கிறார்களே.

நல்ல கேள்வி. 1.54 என்பதை இயற்கை விதிபோல நினைத்துக்கொள்வதால்தான் பல குழப்பங்கள் வருகின்றன. அது ஒரு பட்டறிவு எண். ஜல்லியின் வடிவம், மணலின் பருமன், எவ்வளவு தளர்வாக அளக்கிறோம் என்பதைப் பொறுத்து உண்மை விகிதம் ஏறி இறங்கும். காய்ந்த, நன்றாகப் படிந்த சரக்காக இருந்தால் 1.4ஐ ஒட்டி வரும். தளத்தில் சிந்துவதும், மிக்ஸரில் ஒட்டிக்கொள்வதும், மணல் கொஞ்சம் உப்பி இருப்பதும் சேரும்போது 1.5ஐத் தாண்டும். 1.54 அந்தத் தளர்வையும் உள்ளே வைத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு பக்கத்திலிருந்து சரிபார்த்துக்கொள்ளலாம். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456 (2000), நம் 1:1.5:3க்கு இணையான எம்20 நாமினல் கலவையை எடையில் சொல்கிறது. 50 கிலோ சிமெண்டுக்கு மணலும் ஜல்லியும் சேர்த்து அதிகபட்சம் 250 கிலோ, தண்ணீர் அதிகபட்சம் 30 லிட்டர். மொத்தம் 330 கிலோ. நம் தளம் 3.54 கன மீட்டர். கன மீட்டருக்கு 2400 கிலோ என்று வைத்தால் சுமார் 8,500 கிலோ. 330ஆல் வகுத்தால் 26 மூட்டைக்குச் சற்றுக் குறைவு.

ஆக, எடைக் கணக்கில் 26, 1.54 கணக்கில் 29. இந்த மூன்று மூட்டைதான் உங்கள் கையிருப்புத் தளர்வு. 1.54 போட்டுக் கணக்கெடுத்த பிறகு சேதாரம் என்று மறுபடியும் 10 விழுக்காடு கூட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். அது தேவையில்லை. 1.52 போட்டால் 28.2 மூட்டை, 1.57 போட்டால் 29.1 மூட்டை. ஒரு மூட்டைக்குள் அடங்கிவிடுகிற வித்தியாசம். அதற்காக வாதாடும் நேரத்தில் தளத்தின் கனத்தை ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது. அரை அங்குலம் கூடிப்போனால் 12.5 கன அடி, கிட்டத்தட்ட மூன்று மூட்டை போய்விடும்.

நான் போட்ட கணக்கில் 35 மூட்டை வந்தது. எங்கே தப்பு?

இந்த அளவுத் தளத்துக்கு 35 வர இரண்டு வழிகள் உண்டு. இரண்டுமே அடிக்கடி நடப்பவை.

ஒன்று, 5 அங்குலத்தை 0.5 அடி என்று எழுதுவது. அரை அடி என்பது 6 அங்குலம். 5 அங்குலம் என்றால் 0.4167 அடி. 0.5 போட்டால் 125 கன அடி 150 ஆகிவிடும், மூட்டை 34.3 வரும். நாலரை அங்குலத்தை 0.45 அடி என்று போடுவதும் இதே தப்புதான், அது 0.375 அடி.

இரண்டாவது, 5.5க்குப் பதிலாக 4.5ஆல் வகுப்பது. மணலையும் ஜல்லியையும் மட்டும் கூட்டிவிட்டு சிமெண்டின் ஒரு பங்கை விட்டுவிடுகிறார்கள். 192.5ஐ 4.5ஆல் வகுத்தால் 42.8 கன அடி, அதாவது 34.9 மூட்டை. சிமெண்டும் அந்தக் குவியலில் ஒரு பங்குதான் என்பதை மறக்கக் கூடாது.

உங்கள் எண் 18, 19 மூட்டையை ஒட்டி வந்தால் 1.54ஆல் பெருக்குவதையே விட்டிருப்பீர்கள்.

நேற்று மழை. மணல் நனைந்து கிடக்கிறது. அதே அளவு அளந்து போடலாமா?

போடக் கூடாது. மேலே போட்ட கணக்கு முழுவதையும் ஓசையில்லாமல் கெடுப்பது இந்த ஈரம்தான்.

லேசாக ஈரமான மணலில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் மெல்லிய நீர்ப்படலம் ஒட்டிக்கொண்டு, துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி நிறுத்துகிறது. மணல் உப்புகிறது. 5 முதல் 8 விழுக்காடு ஈரத்தில்தான் இந்த உப்பல் அதிகம். 20, 30 விழுக்காடு வரை சாதாரணமாக வரும், பொடி மணலில் இன்னும் கூடும். வேடிக்கை என்னவென்றால், முழுக்க நீரில் மூழ்கிய மணல் உப்புவதில்லை, காய்ந்த மணலின் அளவுக்கே திரும்பிவிடும். சோதனை செய்வதும் அதை வைத்துத்தான்.

பக்கம் நேராக இருக்கும் ஒரு கண்ணாடிக் குவளையில் ஈர மணலை அமுக்காமல் கொட்டி மட்டம் பண்ணி உயரத்தை அளங்கள். 15 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மணலை வெளியே எடுத்துவிட்டு, குவளையில் பாதிக்குத் தண்ணீர் விட்டு, அதே மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒரு குச்சியால் கிளறி அடங்க விடுங்கள். இப்போது 12 செ.மீ. வந்தால், இறங்கிய 3ஐ 12ஆல் வகுக்க வேண்டும். 25 விழுக்காடு உப்பல். 15ஆல் வகுத்து 20 என்று சொல்லிவிடாதீர்கள்.

இனி நம் தளத்துக்கு வருவோம். 52.5 கன அடி மணல் என்பது 65.6 கன அடி ஆகிறது. ஒரு மூட்டை சிமெண்ட் அளவுள்ள பெட்டியால் அளந்தால், மூட்டைக்கு ஒன்றரைப் பெட்டி மணல் என்பது ஏறத்தாழ 1.9 பெட்டி. சிமெண்டும் ஜல்லியும் அப்படியே. ஜல்லி நனைந்தாலும் உப்பாது.

திருத்தாமல் ஒன்றரைப் பெட்டியே போட்டால் என்ன ஆகும்? ஒவ்வொரு மூட்டைக்கும் உண்மையான மணல் ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. மூட்டைக்கு 6 லிட்டர் கான்கிரீட் குறைந்து, முடிக்கும்போது ஒன்றரை மூட்டை சிமெண்ட் கூடுதலாகப் போயிருக்கும். அதைவிடப் பெரிய கேடு, கலவை ஜல்லி ஜல்லியாக நிற்கும். கரண்டியால் இழுத்தால் மேல் மூடாது, கம்பிக்கு அடியில் சாந்து இறங்காது. சென்ட்ரிங் பிரித்த பிறகு அடியில் தேன்கூடு போலப் பொத்தல் தெரியும். அதைப் பார்த்து மிக்ஸரில் நிற்பவர் தண்ணீரைக் கூட்டுவார், பலம் அங்கேதான் போகும். பொத்தலுக்குக் காரணம் தண்ணீர்க் குறைவு அல்ல, மணல் குறைவு.

எங்களிடம் பெட்டி இல்லை. சட்டிக் கணக்கில் போட்டால் சரியாக வருமா?

சட்டியைப் பெட்டியால் ஒருமுறை அளந்து வைத்துக்கொண்டால் வரும். உள்ளளவு 40 செ.மீ. நீளம், 35 செ.மீ. அகலம், 25 செ.மீ. உயரம் என்று பலகையில் ஒரு பெட்டி அடித்தால் சரியாக 35 லிட்டர், ஒரு மூட்டையின் அளவு. அந்தப் பெட்டியை மணலால் தலைதட்டி நிரப்ப எத்தனை சட்டி பிடிக்கிறது என்று எண்ணுங்கள், ஜல்லிக்கும் தனியாக எண்ணுங்கள். சட்டியில் ஜல்லி குவியலாக நிற்கும், மணல் அப்படி நிற்காது, அதனால் இரண்டுக்கும் ஒரே எண் வராது. அன்று முழுக்க யார் அள்ளினாலும் அதே நிரப்பு இருக்க வேண்டும்.

சிமெண்டை மட்டும் சட்டியில் அளக்க வேண்டாம். தட்டினால் இறங்கும், உதறினால் ஏறும் பொருள் அது. மூட்டையை அப்படியே முழுசாகப் போடுகிற மாதிரி ஒரு சுற்றை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை, ஒன்றரைப் பெட்டி மணல், மூன்று பெட்டி ஜல்லி. அரை மூட்டைக் கணக்கே வரக் கூடாது.

தண்ணீரை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லையே?

1.54 உலர் சரக்குக்கான எண், தண்ணீர் அதற்குள் வராது. மூட்டைக்கு 25 லிட்டரில் தொடங்குங்கள், 30 லிட்டரைத் தாண்டாதீர்கள். மணல் ஈரமாக இருந்தால் அதிலேயே தண்ணீர் இருக்கிறது. 5 விழுக்காடு ஈரம் என்றால், ஒரு மூட்டைக்குப் போகும் 83 கிலோ மணலில் 4 லிட்டர். அதைக் கழித்துவிட்டு ஊற்றுங்கள்.

பீம், கம்பி இதெல்லாம் கூட்டவோ கழிக்கவோ வேண்டுமா?

கம்பியைக் கழிக்க வேண்டாம், தளத்தில் அது பிடிக்கும் இடம் ஒரு விழுக்காட்டை ஒட்டித்தான். பீமைக் கூட்ட வேண்டும், ஆனால் தளத்துக்குக் கீழே தொங்கும் பகுதியை மட்டும். 9 அங்குல அகலம், மொத்த ஆழம் 15 அங்குலம் உள்ள பீம் என்றால் மேலே 5 அங்குலம் ஏற்கெனவே தளத்தில் எண்ணியாகிவிட்டது. மீதி 10 அங்குலம். 15 அடி நீளத்துக்கு 9.4 கன அடி வரும், இரண்டு மூட்டைக்குச் சற்று மேல். இந்த ஒரு பீம் இருந்தால் நம் 29 மூட்டை 31 ஆகிறது.

வேலை நடக்கும்போதே கணக்கு சரியாகப் போகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

காலி மூட்டைகளை எண்ணுங்கள், போட்ட நீளத்தை அளங்கள். 125 கன அடியை 28.55ஆல் வகுத்தால் மூட்டைக்கு 4.38 கன அடி. 5 அங்குலக் கனத்தில் அது 10.5 சதுர அடியை மூடும். 10 மூட்டைக்கு 105 சதுர அடி. அகலம் 15 அடி என்பதால் 10 மூட்டை முடியும்போது கான்கிரீட் 7 அடி நீளம் ஓடியிருக்க வேண்டும். இது பீம் இல்லாத தளத்துக்கு. சரக்கு நன்றாகப் படிந்தால் 7¾ அடி வரை போகும்.

6 அடியிலேயே நின்றால் இரண்டு காரணம் பார்க்க வேண்டும், கனம் கூடிவிட்டதா, மணல் உப்பி இருக்கிறதா. 8 அடியைத் தாண்டிப் போனால் மகிழ வேண்டாம். கனம் குறைந்திருக்கிறது, அல்லது பெட்டிக்கு மேல் அள்ளிப் போடுகிறார்கள்.

நான் மேற்பார்வை பார்த்த ஒரு வேலையில் 10 மூட்டைக்கு 6 அடிதான் வந்தது. மணலைச் சோதித்தேன், திருத்திய அளவுதான் போயிருந்தது. பிறகு ஒரு கம்பியில் 5 அங்குலத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, ஈரக் கான்கிரீட்டில் ஐந்தாறு இடத்தில் பலகை வரை குத்திப் பார்த்தோம். ஓரத்தில் கோடு மட்டத்தில் நின்றது, நடுவில் முக்கால் அங்குலம் உள்ளே மறைந்துவிட்டது. மேலே நூல் கட்டி மட்டம் பார்த்திருந்ததால் மேற்பரப்பு ஒழுங்காகவே தெரிந்தது. அடியில் முட்டுகள் புது மண்ணில் இறங்கி, பலகை தொய்ந்திருந்தது. போட்ட பகுதியை அப்படியே விட்டுவிட்டு, மீதி 14 அடிக்கு முட்டுக்கு அடியில் பலகை வைத்து ஆப்பு அடித்து மட்டம் சரிசெய்த பிறகுதான் தொடர்ந்தோம். அதே வேகத்தில் விட்டிருந்தால் 34 மூட்டை தேவைப்பட்டிருக்கும், தளத்தின் சொந்த எடையும் கூடியிருக்கும்.

எம்25 வேண்டுமென்றால் 1:1:2 போட்டு இதே கணக்கைப் பின்பற்றலாமா?

பெருக்கல் வகுத்தல் நடக்கும், 40 மூட்டை வரும். ஆனால் ஐ.எஸ். 456 நாமினல் கலவையை எம்20 வரைதான் ஏற்கிறது. அதற்கு மேல் கலவையை வடிவமைத்து, எடையில் அளந்து, கனசதுரச் சோதனை செய்து போட வேண்டும். கடலோரம் போன்ற இடங்களில் எம்20 போதவே போதாது. அங்கே இந்தப் பக்கத்தின் கணக்கைப் பயன்படுத்த வேண்டாம். 1:2:4 போட்டால் 23 மூட்டையில் முடிகிறதே என்று கேட்பவர்களுக்கு, அது எம்15. கம்பி கட்டிய தளத்துக்கு விதிப்படி குறைந்தது எம்20 வேண்டும்.

கடைசியில் இரண்டு மூட்டை குறைந்துவிட்டால் என்ன செய்வது?

இருக்கும் சிமெண்டில் மணலையும் ஜல்லியையும் கூட்டி இழுத்து முடிக்கக் கூடாது. அந்தக் கடைசிப் பகுதி சுவர் ஓரத்தில் வரும், தளம் சுவரில் உட்காரும் இடம் அது, வெட்டு விசை அங்கேதான் அதிகம்.

அதனால் பார்க்க வேண்டிய நேரம் கடைசி அல்ல, பாதி. 14, 15 மூட்டை முடியும்போது 10 அடி வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் அப்போதே மூட்டைக்கு ஆள் அனுப்புங்கள். மூட்டை வர நேரமாகும் என்று தெரிந்தால், எங்கே நிறுத்துவது என்று பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள். பொதுவாக இடைத்தூரத்தின் நடு மூன்றில் ஒரு பகுதியில், கம்பிக்கு இடம் விட்ட பலகையை நேராக நிறுத்தி, செங்குத்தான முகமாக முடிப்பார்கள். சரிவாக வழிய விட்டு நிறுத்தினால் அடுத்த நாள் போடும் கான்கிரீட் அதன்மேல் மெல்லிய தகடாக உட்கார்ந்து, மழை நீர் அந்தக் கோட்டில்தான் முதலில் கசியும். தொடரும் முன் அந்த முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, தூசி போகக் கழுவி, நீர் தேங்காமல் ஈரமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.